தூணின் சுற்றளவு

பெயிண்ட் தீர்ந்துபோய்விட்டது என்று வேலைத்தளத்திலிருந்து மேற்பார்வையாளர் போன் செய்தபோது, அவளுக்கு முதலில் தோன்றியது திருட்டுதான்.

"எப்படிங்க தீரும்? கணக்குப் போட்டுத்தானே வாங்கிக் கொடுத்திருக்கோம்?"

"தீர்ந்துபோச்சுன்னா தீர்ந்துபோச்சு மேடம். மூணுல ரெண்டு பங்கு தூண்தான் முடிஞ்சிருக்கு. காலி டின்னெல்லாம் அடுக்கி வெச்சிருக்கேன், வந்து எண்ணிக்கோங்க."

"டின் எண்ண எனக்குத் தெரியும். உள்ளே இருந்தது எங்கே போச்சுங்கறதுதான் தெரியணும்."

மறுமுனையில் யாரோ இரும்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "வாங்க மேடம், வந்து பாருங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார். 'மேடம்' என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. இருக்கட்டுமே என்று நினைத்துக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிபடுகிறவர்களுக்கு ரோஷம் வருவது புதிதா என்ன.

மருத்துவமனையை ஒட்டிய நாலு தள வாகன நிறுத்தம் அது. தூண்களெல்லாம் 'H' எழுத்து வடிவ எஃகு. மூடாமல் அப்படியே நிற்க வேண்டும், பார்க்க அழகாக இருக்கும் என்பது கட்டடக் கலைஞரின் ஆசை. எஃகு எரியாது. ஆனால் சூடேறினால் தளர்ந்துபோகும். ஐந்நூற்றைம்பது டிகிரியைத் தொட்டால் பலத்தில் பாதியை நெருங்க இழந்துவிடும். மேல்பூச்சு எதுவும் இல்லாத தூண் சோதனை உலையில் அந்தச் சூட்டை எட்ட கால் மணி நேரம், மிஞ்சினால் இன்னும் சில நிமிடம். மேல் தளங்கள் நாலு பக்கமும் திறந்தவை, புகையும் சூடும் வெளியே போய்விடும் என்பதால் விதி அங்கே சலுகை தருகிறது. கீழ்த்தளம் அப்படியில்லை. பாதி மண்ணுக்குள் இறங்கியது, மூன்று பக்கம் சுவர். அங்கே ஒரு கார் பற்றிக்கொண்டு அடுத்ததற்கும் தாவினால், மேலே இருக்கும் மூன்று தளத்தையும் தாங்கிக்கொண்டு தூண்கள் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பொறியாளர் அவள்.

தூண்களை எப்படிக் காப்பது என்று முடிவுசெய்த கூட்டம் அவளுடைய கூட்டமாகத்தான் நடந்தது. நான்கு வழிகள் இருந்தன. கான்கிரீட் போட்டு மூடுவது: தூண் பருத்துவிடும், ஒவ்வொரு வரிசையிலும் கார் நிற்கிற அகலம் குறையும். சிமெண்டுக் கலவையைத் தெளிப்பது: மலிவு, ஆனால் ஒரு பம்பர் இடித்தால் பாளமாக உதிரும். தீத்தடுப்புப் பலகையால் நாலு பக்கமும் பெட்டி மாதிரி அடைப்பது. கடைசியாக, சூடு பட்டால் ரொட்டி மாதிரி பொங்கி எஃகைப் போர்த்திக்கொள்கிற பெயிண்ட். நான்கையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பெயிண்ட்தான் ஜெயித்தது. முக்கால் மில்லிமீட்டர் கனம், இடத்தை அடைக்காது, தூணின் உருவமும் மறையாது, செலவும் பலகையைவிடக் குறைவு.

அப்போது அலுவலகத்தில் அவளுக்கு மூத்தவர் ஒருவர், பலகைதான் நல்லது என்று மெதுவான குரலில் வாதாடிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். எதையும் இரண்டு தடவை சொல்வார். கீழ்த்தளத்துக்காவது பலகை அடித்து, இடுப்பளவுக்கு இரும்புத் தடுப்பு வைக்கலாம் என்றார். பிறகு அவளுடைய அட்டவணையைப் பார்த்து, "ஏம்மா, இதுல சுற்றளவு எல்லாத்துக்கும் ஒண்ணுதானா?" என்று கேட்கத் தொடங்கினார்.

அவள் குறுக்கே புகுந்தாள். "சார் விட்டா ஒவ்வொரு தூணுக்கும் கதவு வெச்சு, பூட்டுப் போட்டு, உள்ளே தட்டும் அடிச்சு அலமாரி ஆக்கிடுவார். வண்டியை விட்டுட்டுப் போறவங்க துணியையும் மடிச்சு வெச்சுட்டுப் போகலாம்."

அறையே சிரித்தது. அலுவலகத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூத்தவரும் சிரித்தார், கேட்க வந்ததை விட்டுவிட்டு. அன்றிலிருந்து அவருக்கு 'அலமாரி' என்று பெயர். தேநீர் கொண்டுவருகிறவர்கூட "அலமாரி சாருக்குச் சர்க்கரை இல்லாம" என்று சொல்ல ஆரம்பித்தார். அதுவரை அவளை 'வாம்மா, போம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மூத்தவர், மறுநாளிலிருந்து 'மேடம்' என்றார். அதை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

கீழ்த்தளத்தில் ஈரக் கான்கிரீட் வாசனையும் பெயிண்ட் நெடியும் கலந்து மூக்கில் ஏறியது. மேற்பார்வையாளர் வணக்கம் சொல்லவில்லை. சுவரோரம் காலி டின்களை அடுக்கி வைத்திருந்தார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்திய மாதிரி அவ்வளவு ஒழுங்காக. அவள் எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை.

"அப்போ கனமா அடிச்சிருக்கீங்க."

"அளந்து பாருங்க," என்றார் அவர்.

பெயிண்டின் கனம் அளக்கிற கருவியைத் தூணின் மேல் வைத்தாள். முக்கால் மில்லிமீட்டர். இன்னொரு தூண், பின்பக்கம், முட்டியளவு உயரம், தலைக்கு மேலே. எங்கே வைத்தாலும் முக்கால்தான், ஒரு மயிரிழை கூடக்குறைய. அவள் வாழ்நாளில் பார்த்த மிக ஒழுங்கான வேலைகளில் ஒன்று அது. சிந்தவில்லை, கனமாகவும் அடிக்கவில்லை, யாரும் தூக்கிக்கொண்டும் போகவில்லை. அப்படியென்றால் பெயிண்ட் எங்கே போனது?

கூட்டத்துக்காக மாதிரி காட்டிய ஒரு தூண் சாய்தளத்துப் பக்கம் இன்னும் பலகைப் பெட்டிக்குள்ளேயே நின்றது. அதற்கு அடுத்த தூணில் ஒருவர், டின்களின் அடியில் வழித்தெடுத்த பெயிண்டைத் தூரிகையால் அடித்துக்கொண்டிருந்தார். உருளை நுழையாத இடம். தூணின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே கையை விட்டு, உள்மூலைக்குள் தூரிகையைத் திணித்துத் திணித்து இழுத்தார். அவள் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகைத் தூணைப் பார்த்தாள். மறுபடி அவர் கையைப் பார்த்தாள்.

பலகைப் பெட்டியின் பக்கங்களைக் கையால் தொட்டு எண்ணினாள்.

பலகை தூணைச் சுற்றி நேராகப் போகும். நாலே பக்கம். பெயிண்ட் அப்படிப் போகாது. தகட்டின் வெளிப்பக்கம், உள்பக்கம், நடுத்தகட்டின் இரண்டு முகம் என்று மடிப்பு மடிப்பாக உள்ளே போய் வெளியே வரும். நெருப்பும் அப்படித்தான் உள்ளே போகும். சூடு ஏறுகிற சுற்றளவு எவ்வளவு, அதைத் தாங்க இரும்பு எவ்வளவு, இந்த விகிதத்தை வைத்துத்தான் பெயிண்டின் கனத்தையே முடிவுசெய்வார்கள். பலகைக்கு அது நூற்றுப் பத்து. பெயிண்டுக்கு நூற்று அறுபது. நான்கு வழிகளையும் ஒரே அட்டவணையில் அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவள், பலகைக்குப் போட்ட பெட்டிச் சுற்றளவையே எல்லாவற்றுக்கும் இழுத்துவிட்டிருந்தாள். அதனால்தான் பெயிண்ட் மூன்றில் இரண்டு பங்கிலேயே தீர்ந்தது. அதனால்தான் பெயிண்ட் ஜெயித்தது. முக்கால் மில்லிமீட்டர் போதாது, ஒன்றே காலாவது வேண்டும். இப்போது இருக்கிற கனத்தில் இந்தத் தூண்கள் ஒரு மணி நேரம் நிற்காது. முக்கால் மணி நேரம் நின்றாலே பெரிது.

'இதுல சுற்றளவு எல்லாத்துக்கும் ஒண்ணுதானா?' மூத்தவர் அன்று கேட்க வந்தது இதைத்தான்.

"என்ன மேடம், கிடைச்சுதா?" என்றார் மேற்பார்வையாளர். "எங்க ஆளுங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போன பெயிண்ட்?"

தூரிகை பிடித்திருந்தவர் சிரிக்காமல் திரும்பிப் பார்த்தார். அவள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கணக்கு தப்பு, என் தப்பு என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். "பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள். "அதுவரைக்கும் மேலே எதுவும் அடிக்காதீங்க." காருக்கு நடக்கும்போது முதுகில் அத்தனை பேருடைய பார்வையும் ஈரச் சட்டை போல ஒட்டிக்கொண்டு வந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்பைத் திருத்துவதற்காக என்று கணவனிடம் சொன்னாள். தனக்குத் தானேயும் அதைத்தான் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள் தேடியது வேறு. முக்கால் மில்லிமீட்டரே போதும் என்று சொல்லக்கூடிய ஒரு கணக்கு எங்காவது இருக்கிறதா என்று தேடினாள்.

ஒன்று இருந்தது. தூண் எந்தச் சூட்டில் விழும் என்பது அதன் மேல் எவ்வளவு பாரம் என்பதைப் பொறுத்தது. பாரம் குறைவென்றால் ஐந்நூற்றைம்பது டிகிரியில் விழாது, அறுநூறு வரை தாங்கும். அறுநூறு வரை தாங்குமென்றால் பெயிண்ட் கொஞ்சம் மெலிதாக இருந்தாலும் நேரம் கிடைக்கும். இது பொய்யில்லை, முறையான வழிதான். தீ நேரத்தில் எல்லாத் தளத்திலும் எல்லா இடத்திலும் கார் நிற்காது என்று விதியே ஓரளவு குறைத்துக்கொள்ள விடுகிறது. அந்தக் குறைப்பை அவள் ஏற்கெனவே எடுத்திருந்தாள். இன்னும் குறைத்தாள். பத்தில் ஏழு பங்கு கார் என்றிருந்ததைப் பாதி என்று மாற்றினாள். அப்போதும் எட்டவில்லை. மேல்தளத்தின் சாலைப் பூச்சையும், பாரம் குறைய, கணக்கில் கொஞ்சம் மெலிதாக வைத்தாள். எட்டியது. திரையில் சிவப்பாக இருந்த கட்டம் பச்சையானது.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் மூன்று தளமும் நிரம்பி, சாய்தளத்தில்கூட வண்டியைச் செருகிவிட்டுப் போவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? வேறொரு ஆஸ்பத்திரியில் அவள் அப்பா படுத்திருந்தபோது அவளே அப்படிச் செருகியிருக்கிறாள்.

"முடிஞ்சுதா?" கணவன் தட்டுகளை எடுக்க வந்தான்.

"முடிஞ்ச மாதிரிதான்."

"முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே. யாரையோ அடிச்சுப் போட்டுட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கே."

"சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் ரெண்டு நாளா அந்தப் பச்சைக் கட்டத்தை மூடி மூடித் திறந்து பார்க்கிறே." அவன் மேசையைத் துடைத்துவிட்டு உள்ளே போனான். அவனிடம் சொல்லியிருந்தால் திட்டியிருக்க மாட்டான். 'தப்பு யாருக்குத்தான் வராது' என்றிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை. கணக்குத் தப்பியதை யாருக்கும் சொல்லிவிடலாம். ஒருவர் கேட்க வாயெடுத்ததை அலமாரி என்று சொல்லி அடைத்ததை எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் பிரிவுத் தலைவராகப் போகிறவள் அவள். அந்த இடம் அவளுக்கு என்று ஏறக்குறைய முடிவானது அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான்.

புதிய கணக்குக்குச் சரிபார்த்தவர் கையெழுத்து வேண்டும். போன தடவை அவசரம் என்று சொல்லி, சேர்ந்து ஒரு வருடமாகாத ஒருவரிடம் வாங்கியிருந்தாள். இந்தத் தடவை மூத்தவர் ஒருவர்தான் போட வேண்டும் என்று அலுவலக விதி. விடுப்பில் இல்லாத மூத்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

திங்கட்கிழமை காலை அவருடைய அறைக்குப் போனாள். சன்னல் பக்கம் திரும்பி, மதிய உணவு டப்பாவின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சொல்லுங்க மேடம்."

தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். நிதானமாகப் படிக்கிற மனிதர், ஆனால் இதைப் படிக்க அவருக்கு நேரமே ஆகவில்லை. விரல் நேராக ஒரு வரியில் போய் நின்றது.

"பாதி வண்டியா?"

"ஆமா சார். தீ நேரத்துல..."

"சரி." அவர் மேலும் கேட்கவில்லை. "அப்போ நூத்து அறுபதைப் பார்த்துட்டீங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே போட்டுப் பார்த்தேன்."

"ஏன் சார் சொல்லலை?"

"கேட்டேனே ஒரு தடவை." சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல, அது காரணம் இல்ல. காரணம்னு சொல்லிக்கிட்டேன். அடிபடட்டும்னு இருந்தேன். பெயிண்ட் அடிச்சு முடிக்கட்டும், அப்புறம் சொல்லுவோம், அப்போ யார் சிரிக்கிறாங்கன்னு பார்ப்போம்னு. தினமும் காலையில இன்னிக்குச் சொல்லிடணும்னு கிளம்புவேன். இங்க வந்து, அலமாரி சார்னு யாராவது கூப்பிட்டா, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ஆயிடும்."

சன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் பீப் சத்தம் விடாமல் கேட்டது. அவர் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"எங்கே போடணும்? இங்கேயா?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"கையெழுத்துதானே. போட்டுடறேன். இப்போ இது வெளியே வந்தா உங்களை ஒரு கேள்வி கேப்பாங்க. என்னை ரெண்டு கேள்வி கேப்பாங்க. தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தேன்னு." பேனா தாளின் மேல் இறங்கியது. ஒரு கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லி, சரியாக எண்ணுகிற ஒரு மனிதரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள். அவள் தேடி வந்தது இந்தக் கையெழுத்தைத்தான். அது கிடைக்கப்போகிறது, இவ்வளவு சுலபமாக.

தாளை இழுத்துக்கொண்டாள். பேனா முனை குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டது.

"வேணாம் சார்."

"என்னத்துக்கு வேணாம்?"

"இதுல போடாதீங்க." அவரைப் பார்க்க முடியவில்லை. நேரே தலைவர் அறைக்கு நடந்தாள். நின்றால் திரும்பிவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தமும் செருப்புச் சத்தமும் வந்தன. அவரும் வந்துகொண்டிருந்தார்.

தலைவரிடம் சொல்லி முடிக்க அவள் பயந்த அளவுக்கு நேரமாகவில்லை. பெட்டிச் சுற்றளவு, பெயிண்டுக்கும் அதே எண், கனம் போதாது, கீழ்த்தளத்தைத் திறக்கக்கூடாது. தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திறப்பு நாள் தள்ளிப்போகும், மருத்துவமனைக்காரர்கள் கத்துவார்கள். ஆனால் அவர் கத்தவில்லை.

"நல்லவேளை, நீயே பார்த்துச் சொன்னே," என்றார். "வேற யாராவது இருந்தா மூடி மறைச்சிருப்பாங்க. இந்த நேர்மைதான்மா வேணும். பிரிவுக்குத் தலைமைன்னா இதுதான்."

அடி விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். தலையைத் தடவிக்கொடுத்ததுதான் தாங்கவில்லை. இந்த இடத்தில் 'நன்றி சார்' என்று சொல்லிவிட்டு எழுந்தால் எல்லாம் முடிந்துவிடும். இரண்டு நாள் சாப்பாட்டு மேசை யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியும். அவர் சொல்ல மாட்டார்.

"நேர்மை இல்ல சார்," என்றாள். கையிலிருந்த தாளை மேசையில் வைத்தாள், கோடு விழுந்திருந்த பக்கம் மேலே இருக்கும்படி. "வெள்ளிக்கிழமையே தெரியும். பாரத்தைக் குறைச்சுக் காட்டி, இருக்கிற பெயிண்டே போதும்னு கணக்குப் பண்ணிட்டேன். அதை எடுத்துக்கிட்டுத்தான் காலையில ஆபீசுக்கே வந்தேன்." நிறுத்தினாள். மூத்தவர் பக்கம் கையைக் காட்டினாள். "சார் அன்னிக்கே கூட்டத்துல இதைக் கேக்க வந்தார். நான்தான் அலமாரின்னு சொல்லிச் சிரிக்க வெச்சேன்."

தலைவர் தாளைப் பார்த்தார். சிரித்தவர்களில் தானும் ஒருவர் என்பது அவருக்கும் அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றப் போனவர், கழற்றாமல் கையை இறக்கிக்கொண்டார். "பிரிவு விஷயத்தை அப்புறம் பேசுவோம்," என்றார். பிறகு மூத்தவர் பக்கம் திரும்பி, "நீங்க ஒருத்தராவது கவனமா இருந்திருக்கீங்க," என்றார்.

மூத்தவர் வாயைத் திறந்தார், மூடினார். தரையைப் பார்த்தபடி தலையசைத்தார்.

நடைபாதையில் அவளை நிறுத்தினார். அவர் கோபப்பட்டு அவள் அதுவரை பார்த்ததில்லை.

"என்னை எதுக்கு நல்லவனாக்குனீங்க?"

"நீங்க கேட்டது நிஜந்தானே சார்."

"அதுக்கப்புறம் வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நிஜம். அதை ஏன் சொல்லலை?"

"அது நான் சொல்ற விஷயம் இல்ல."

அவர் தலைவர் அறையைத் திரும்பிப் பார்த்தார். "உள்ளே சொல்லிடலாம்னு பார்த்தேன்," என்றார். "கவனமா இருந்திருக்கீங்கன்னதும், வாய் ஒட்டிக்கிச்சு. நல்லாத்தான் இருந்துது கேக்க. அசிங்கம்." அவளிடம் சொல்வது போலவே இல்லை. திரும்பிக் கதவு வரை போனார். கைப்பிடியில் கை வைத்தபடியே நின்றார். பிறகு தலைவர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவர் உள்ளே என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது.

அன்று மத்தியானமே அவளும் மூத்தவரும் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். மேற்பார்வையாளரிடம், ஆட்கள் எல்லாரும் கேட்கும்படி, கணக்கு தன்னுடைய தப்பு, பெயிண்டை யாரும் எடுக்கவில்லை என்றாள். "சரியாக் கேக்கலைங்க," என்றார் அவர், கேட்டிருந்தும். இன்னொரு தடவை சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, தூண்களை என்ன செய்வதென்று கேட்டார். மன்னித்தாரா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை. கேட்கிற உரிமையும் அவளுக்கு இல்லை.

பெரும்பாலான தூண்களில் பொங்கும் பெயிண்ட் மட்டும்தான் இருந்தது. அவற்றின் மேல் இன்னும் இரண்டு பூச்சு அடித்துக் கனத்தைக் கூட்டலாம். அதற்கு மேல் அழகுக்கான வண்ணமும் பூசி முடித்த தூண்கள்தான் சிக்கல். வண்ணத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே அடித்தால் அடுத்த பூச்சு சரியாகப் பிடிக்காது, பொங்கவும் பொங்காது. அவற்றையெல்லாம் பலகையால் மூடிவிடலாம் என்றாள் அவள். சட்டென்று சொன்னாள், பரிகாரம் செய்கிற அவசரத்தில்.

"எதுக்கு?" என்றார் மூத்தவர். "எனக்குப் பிடிக்கும்னா? சாய்தளத்துப் பக்கம் பலகை போட்டா மாசத்துக்கு ஒருத்தன் இடிப்பான். சுரண்டிட்டுப் பெயிண்டே அடிக்கலாம். சரியான கனம் இருந்தா பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான் மேடம். உங்க முடிவு தப்பில்ல, எண்ணுதான் தப்பு. அதையும் சும்மா சொல்லக்கூடாது. செலவு இப்போ பலகைக்குக் கிட்ட வந்துடும். நாலு வழியையும் மறுபடி பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

அவர் சமாதானமாகப் பேசவில்லை. வேலையைத்தான் பேசினார். அவள் போட்டுவைத்திருந்த பிராயச்சித்தத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு நியாயமாகப் பேசினார், அதுதான் சுட்டது.

இரண்டு நாளில் புது அட்டவணையை முடித்து அவருடைய மேசையில் வைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவர் பார்க்கவே இல்லை. முதல் வரியில் ஸ்கேலை வைத்தார்.

"உட்காருங்க மேடம். நேரமாகும்."

வெளியே யாரோ கதவைத் தட்டி, தேநீர் வேணுமா என்று கேட்டுப் போனார்கள். அவர் ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்கினார். "தூணோட அகலம் இது எங்கேருந்து எடுத்தீங்க? வரைபடத்துலயா, தளத்துல போய் அளந்தா?"

வரைபடத்தில்தான். அளக்கவில்லை. நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அதைச் சொன்னாள்.